வட்டத்தின் நடுவே ஓர் எழுத்து

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். எங்கள் துறையின் இணையப் பக்கத்தில் ஒளிப்படம் தர விரும்பாதவர்களுக்கு வண்ண வட்டம் ஒன்றும், அதன் நடுவே பெயரின் முதலெழுத்தும் இடம்பெறும். பெயரை அவரவர் தாய்மொழி எழுத்தில் தரலாம் என்பது கடந்த ஆண்டின் ஏற்பாடு. சில வாரங்களுக்குள் ஒரு முறையீடு எழுந்தது. ஆங்கில எழுத்துகள் வட்டத்தின் நடுவில் சரியாக அமர்கின்றன, தமிழ் எழுத்துகளோ சற்றுக் கீழே இறங்கி நிற்கின்றன. ஆகவே எல்லாப் பெயர்களையும் ஆங்கிலத்துக்கே மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. பிழை எழுத்திலா, அளவுகோலிலா என்று பார்க்க ஓர் அவகாசம் கேட்டேன். அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வலைப்பக்கத்தில் ஓர் எழுத்தை நடுவில் வை என்று நாம் கட்டளையிடும்போது, உலாவி அந்த எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. அது நடுவில் வைப்பது எழுத்தைச் சூழ்ந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை. ஒவ்வோர் எழுத்துரு கோப்பிலும் இரண்டு எண்கள் பொதிந்துள்ளன. எழுத்துகள் நிற்கும் கோட்டுக்கு மேலே எவ்வளவு இடம் என்பது ஒன்று. கீழே எவ்வளவு இடம் என்பது மற்றொன்று. அந்தக் கோட்டை நிலைக்கோடு என்று அழைப்போம். உலாவி இந்த இரண்டு இடங்களையும் கூட்டிப் பெட்டியாக்கி, அப்பெட்டியின் நடுவை வட்டத்தின் நடுவோடு பொருத்துகிறது. எழுத்தின் மை அப்பெட்டிக்குள் எந்த உயரத்தில் விழுகிறது என்பது உலாவியின் கவலை அன்று.

இன்டர் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதன் நான்காம் பதிப்பில் எழுத்தின் அளவு 2048 அலகுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. மேலிடம் 1984, கீழிடம் 494, ஆங்கிலப் பேரெழுத்தின் உயரம் 1490. மேலிடத்திலிருந்து கீழிடத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 745 வரும். பெட்டியின் நடுப்புள்ளி நிலைக்கோட்டிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இதன் பொருள். பேரெழுத்தின் நடுப்புள்ளியும் 1490-இல் பாதி, அதாவது அதே 745. பெட்டியை நடுவில் வைத்தால் பேரெழுத்தும் நடுவில் அமரும்படி எண்கள் பொருந்தியிருக்கின்றன.

எல்லா எழுத்துருவும் இப்படி இல்லை. ரோபோட்டோவில் மேலிடம் 1900, கீழிடம் 500, பேரெழுத்து 1456. பெட்டியின் நடு 700, எழுத்தின் நடு 728. எனவே எழுத்து மிகச் சிறிது மேலே நிற்கும். ஓப்பன் சான்ஸில் மேலிடம் 2189, கீழிடம் 600, பேரெழுத்து 1462. பெட்டியின் நடு 794-ஐத் தாண்டுகிறது, எழுத்தின் நடுவோ 731. அங்கே எழுத்து கீழே இறங்கும். 40 பிக்சல் அளவில் முன்னது அரைப் பிக்சல், பின்னது ஏறத்தாழ ஒன்றேகால் பிக்சல். ஆங்கில எழுத்தும் இயல்பாகவே நடுவில் அமர்வதில்லை. எழுத்துருவின் எண்கள் ஒத்துழைத்தால் அமர்கிறது, அவ்வளவே.

எங்கள் பக்கம் இன்டரில் அமைந்தது. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. உலாவி கணினியிலுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவிலிருந்து எழுத்தைக் கடன் வாங்குகிறது. ஆனால் வரியின் உயரத்தை நாம் எண்ணால் குறித்திருந்தால், நிலைக்கோடு எங்கே விழ வேண்டும் என்பதை முதல் எழுத்துருவாகிய இன்டரே தீர்மானிக்கிறது. அதாவது, ஆங்கிலப் பேரெழுத்துக்காக அளந்து போட்ட தரையில் தமிழ் எழுத்து வந்து நிற்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். வட்டத்தின் விட்டம் 96 பிக்சல், எழுத்தின் அளவு 40. இன்டரின் கணக்கில் நிலைக்கோடு வட்டத்தின் நடுவுக்குக் கீழே 14.5 பிக்சலில் விழும். ஆங்கிலப் பேரெழுத்து 29 பிக்சல் உயரம் என்பதால் நடுவுக்கு மேலும் கீழும் 14.5 ஆகப் பிரிந்துவிடும். கடன் வாங்கிய எழுத்துருவில் ‘க’வின் உயரம் 23 பிக்சல் என்று கொள்வோம். அதன் நடுப்புள்ளி நிலைக்கோட்டுக்கு மேலே 11.5. எனவே எழுத்து 3 பிக்சல் கீழே நிற்கிறது. மேலே 39.5 பிக்சல் வெற்றிடம், கீழே 33.5. இந்த ஆறு பிக்சல் வேறுபாட்டைத்தான் கூட்டத்தில் இருந்தவர்களின் கண் கண்டது. கண் பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தவறு.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம், மேலேயோ கீழேயோ இரண்டு பிக்சல் இட்டு நிரப்புவது. அது ஓர் எழுத்துருவுக்கும் ஓர் அளவுக்கும் மட்டுமே செல்லும். தமிழுக்காக நிரப்பினால் அடுத்த வட்டத்தில் ஆங்கில எழுத்து மேலேறிவிடும். அண்மையில் குரோம், சஃபாரி உலாவிகளில் வந்துள்ள `text-box: trim-both cap alphabetic` என்ற பண்பு பெட்டியின் மிகுதியை வெட்டி, பேரெழுத்தின் உச்சியிலிருந்து நிலைக்கோடு வரை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு இது நல்ல தீர்வு. தமிழில் பேரெழுத்து என்ற ஒன்றே இல்லை. அங்கும் இன்டரின் பேரெழுத்து உயரமே அளவுகோலாகிறது. அந்த மூன்று பிக்சல் அப்படியே எஞ்சுகிறது.

ஆகவே எழுத்தின் மையையே அளக்க வேண்டியிருந்தது. உலாவியின் வரைபலகை அதற்கு வழி தருகிறது:

```js
ctx.textAlign = "center";
ctx.textBaseline = "alphabetic";
const m = ctx.measureText("க");
const d = (m.actualBoundingBoxAscent
         - m.actualBoundingBoxDescent) / 2;
ctx.fillText(initial, cx, cy + d);
```

இங்கே அளக்கப்படுவது வட்டத்தில் வரவிருக்கும் எழுத்து அன்று, எப்போதும் ‘க’ மட்டுமே என்பதைக் கவனியுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே அளந்து நடுவில் வைத்தால் வேறொரு கோளாறு வரும். ‘கி’யின் மேல்விலங்கு உயரத்தைக் கூட்டுவதால் எழுத்தின் உடல் கீழே தள்ளப்படும், ‘கு’வின் கீழ்ச்சுழி உடலை மேலே தூக்கும். வரிசையாக வட்டங்களைப் பார்க்கும்போது எழுத்துகள் ஏறி இறங்கித் தள்ளாடும். கண் நடுவில் தேடுவது எழுத்தின் உடலையே. விலங்கும் சுழியும் அதன் வெளியே நீளலாம் என்று அது ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘க்யூ’ எழுத்தின் வாலுக்காக யாரும் அந்த எழுத்தை மேலே தூக்குவதில்லை அல்லவா? தமிழுக்கு ‘க’, தேவநாகரிக்கு அதன் ‘க’, ஆங்கிலத்துக்கு ‘எச்’ என்று மொழிக்கு ஓர் எழுத்தை அளந்து, அந்த அளவை அம்மொழியின் எல்லா எழுத்துக்கும் பயன்படுத்தினோம். தலைக்கோட்டிலிருந்து தொங்கும் தேவநாகரியும் இதனால் நேர்நின்றது.

ஓர் எச்சரிக்கை. எழுத்துரு முழுமையாக வந்து சேருமுன் அளந்தால், தற்காலிக எழுத்துருவின் அளவே கிடைக்கும். பக்கத்தைத் திறக்கும்தோறும் எழுத்து இடம் மாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். தமிழ் எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பி, அது வந்தபின் அளப்பது நலம். சரிபார்க்கத் திரையைப் படமெடுத்துப் பெரிதாக்கி, எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள பிக்சல்களை எண்ணினால் போதும். வளைந்த எழுத்தை எண்ணாதீர்கள். வளைவுகள் கோட்டைச் சற்றுத் தாண்டியே வரையப்படுவதால் ஆங்கிலத்தில் ‘எச்’, தமிழில் ‘ப’ போன்ற தட்டையான எழுத்தே நம்பகமானது.

அடுத்த கூட்டத்தில் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே காட்டினேன். ஆங்கிலத்துக்கு மாற்றும் யோசனை கைவிடப்பட்டது. ஆறு பிக்சலுக்காக ஒருவர் தம் பெயரை வேறு எழுத்தில் எழுத வேண்டியிருந்திருக்கும்.