கல்லாவில் இருப்பது சரக்குப் பணம்

விருதுநகர்,
28.1.2019

அன்புள்ள தம்பிக்கு,

உங்க அத்தானுக்குச் சளி விட்டுவிட்டது, மண்டிக்குப் போய்வருகிறார். பெரியவனுக்குப் பரீட்சை வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லை. போனில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னு ஒரே பதில்தான். கடையைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் ராத்திரி தனியாக இருக்கும்போது நிதானமாகப் படிப்பாய்.

பொங்கலுக்குத் திருத்தங்கல் வந்தபோது உன் கடையில் சீனி எடுக்க அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். முன்வரிசையில் சோப்பும் பிஸ்கட்டும் அழகாக அடுக்கியிருந்தாய். பின்னால் காலி அட்டைப்பெட்டிகள். வருகிறவர்களுக்குக் கடை நிறைந்திருப்பதாகத் தெரியவேண்டும் என்று செய்திருக்கிறாய். எனக்கு அன்றைக்குப் பொங்கல் இறங்கவில்லை, ராசா.

பட்டாசு ஆலை மூடியதால் வியாபாரம் இல்லை என்கிறாய். உண்மைதான். தீபாவளிக்கு முன்னால் அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று சொல்லிவிட்டது. பண்டிகை முடிந்ததும் முதலாளிகள் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் தம்பி, ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்ததும் கொஞ்ச நாள் வேலை நிற்பது நமக்குப் புதிதில்லையே. அந்த நாளில் கடன் கொடுத்துத் தாங்கிவிட்டு, ஆலை திறந்து சனிக்கிழமைச் சம்பளம் வந்ததும் வசூல் பண்ணிக்கொள்வதுதான் நம் ஊர்க் கடைக்காரர்களுக்குப் பழக்கம். நீ இந்த வருஷமும் அதே கணக்கில் நோட்டைத் திறந்துவைத்துவிட்டாய். இது கொஞ்ச நாள் நிற்கிற வேலை இல்லை. டிசம்பர் பிறந்தபோதே அது தெரிந்திருக்கும். தெரிந்தும் உனக்கு யார் முகத்தையும் பார்த்து இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

நீயும் நானும் அன்றைக்குப் போட்ட கணக்கை இங்கே திரும்ப எழுதுகிறேன், நீ பாதியில் எழுந்து போய்விட்டாய். ஒரு நாளைக்கு 4,000 ரூபாய்க்குச் சரக்கு போகிறது. அதில் 1,500 நோட்டில் ஏறுகிறது, 2,500 கையில் வருகிறது. நூற்றுக்குப் பத்து ரூபாய் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் அன்றைய லாபம் 400. செலவு என்ன? தண்டல் மூன்று, ஆளுக்கு நூறு என்று 300. வாடகை ஒரு நாளைக்கு 150. கரண்ட் 60. வீட்டுக்கு நீ எடுப்பது 200. மொத்தம் 710. லாபத்தைவிட 310 அதிகம்.

இப்போது கல்லாவைப் பார். 2,500 வந்தது, 710 போனது, மிச்சம் 1,790. ஆனால் போன சரக்கைத் திரும்ப வாங்க 3,600 வேண்டும். ஆக ஒவ்வொரு நாளும் 1,810 ரூபாய்ச் சரக்கு குறைகிறது. மாதத்துக்கு 54,000க்கு மேல். ஒன்றரை லட்ச ரூபாய்ச் சரக்கு மூன்று மாதத்தில் காலி ஆவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ராத்திரி கல்லாவில் ஆயிரத்து எழுநூறு இருக்கிறதே என்று நீ நிம்மதியாகத் தூங்குகிறாய். அது உன் பணம் இல்லை, சரக்குப் பணம்.

அதனால்தான் பொங்கல் வாரம் உன்னை ஏமாற்றிவிட்டது. ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் ஆயிரம் ரூபாய் கொடுத்த வாரம், நாலைந்து பேர் பழைய பாக்கியைக் கட்டினார்கள், கடையில் கூட்டம் நின்றது. வியாபாரம் எழுந்துவிட்டது என்று நினைத்து மூன்றாவது தண்டலை எடுத்து ஒரு லோடு பொன்னி அரிசி இறக்கினாய். அந்த மூட்டைகள் இன்னும் நிற்கின்றன. ரேஷனில் இலவச அரிசி வாங்கிச் சமாளிக்கிற வீடுகள் இப்போது கடையில் பொன்னி வாங்குமா? அவர்களுக்கு உன்னிடம் வேண்டியது பருப்பு, எண்ணெய், புளி, வத்தல். அதுதான் உன்னிடம் இல்லை. எண்ணெய் இல்லை என்று தெருமுனைக் கடைக்குப் போனவர்கள் சோப்பையும் அங்கேயே வாங்கிவிட்டு வருவார்கள்.

தண்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் என்று பேர், கையில் கொடுப்பது 8,500, நூறு நாளைக்கு நூறு நூறாகக் கட்டவேண்டும். 1,500தானே என்கிறாய். முதல் நாளிலிருந்தே நீ திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறாய். ஆகவே சராசரியாக உன் கையில் நின்ற பணம் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. வருஷத்துக்குப் பார்த்தால் முதலையே தாண்டிவிடும். பேங்கில் நகைக்கடனுக்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் வட்டி, அங்கே போய்க் கேட்பதற்கு நீ ஏன் கூச்சப்படுகிறாய்?

மூன்றும் சேர்த்து இன்னும் 18,000 பாக்கி என்றாய். என் இரண்டு பவுன் செயினை எடுத்துவைத்திருக்கிறேன். அத்தானிடம் சொல்லிவிட்டேன், அவருக்குச் சம்மதம். அதை வைத்து மூன்றையும் முடித்துவிடலாம். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள், ஆகையால் முன்னாலேயே கட்டினாலும் பெரிதாகக் குறைக்கமாட்டார்கள். கேட்டுப் பார், கொஞ்சம் தள்ளினால் சரி. நமக்கு லாபம் அதில் இல்லை. தினம் 300 வெளியே போவது நிற்கும், அதோடு மூன்றாவதைக் கட்ட நாலாவது எடுக்கிற நிலைமை வராது. 710 செலவு 410 ஆகிவிடும். குளிர்பானப் பெட்டியை இந்தத் தை மாதத்தில் எதற்கு ஓட்டுகிறாய்? அணைத்துவை, வரவும் செலவும் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் நோட்டை இப்படியே விட்டால் செயினும் போய்விடும். கடன் கொடுக்காதே என்று சொல்லமாட்டேன். அம்மா தீப்பெட்டி ஒட்டிய காலத்தில் கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரர்தான் நம்மை வளர்த்தார். ஆனால் ஒரு வீட்டுக்கு வாரம் 300 ரூபாய் வரைதான், அதுவும் பருப்பு, எண்ணெய் மாதிரிச் சாமான் மட்டும். ஷாம்பு, பிஸ்கட், சிகரெட் ரொக்கத்துக்குத்தான். அம்மாவை நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வை, உன்னைவிடக் கண்டிப்பாகச் சொல்வாள், யாரும் வருத்தப்படவும் மாட்டார்கள். ஒரு வீடு 2,000 பாக்கி வைத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டால், அதை எடுக்க நீ 20,000 ரூபாய்க்கு வியாபாரம் பண்ணவேண்டும். அதை மனசில் வை.

வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னாயாமே, அம்மாதான் சொன்னாள். அதை இன்றோடு நிறுத்து. கடையை எடுக்கவேண்டிவந்தால் உனக்கு மிஞ்சப்போகிற ரொக்கம் அந்த அட்வான்ஸ் மட்டும்தான்.

கடையை எடுப்பதா என்று கோபப்படாதே. எங்க ஊர் பங்குனிப் பொங்கல் வரைக்கும் பார்ப்போம். அதற்குள் ஆலைகள் திறந்து சம்பளம் வர ஆரம்பித்தால், நோட்டில் இருக்கிற பணம் மெதுவாகத் திரும்பும். இல்லையென்றால் பிரிக்காத பெட்டிகளை ஏஜென்சியிடமே திருப்பிக் கொடுத்து, தராசையும் அலமாரியையும் விற்று, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கடன் இல்லாமல் வெளியே வா. உனக்கு வயது இருபத்தாறு. மண்டியில் எடைபோட ஆள் தேடுகிறார்கள், அத்தான் பேசிவைத்திருக்கிறார்.

உன் வீட்டுக்காரியிடம் எதையும் மறைக்காதே. அந்தப் பிள்ளை பொங்கலன்றைக்கு அடுப்படியில் என்னிடம், "ராத்திரியெல்லாம் முழிச்சிட்டே கெடக்காக"ன்னு அழுதாள். அவளுக்குக் கணக்குத் தெரியும், பன்னிரண்டாவது வரை படித்தவள். நோட்டை அவளையும் எழுதச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அத்தான் செயினோடு வருகிறார். கூடவே அரை மூட்டை துவரம்பருப்பும் ஒரு டின் எண்ணெயும் மண்டி விலைக்கு ஏற்றிவருவார். அந்தக் காசை நீ சரக்கு விற்றபிறகு கொடுத்தால் போதும். கடன் நோட்டு, தண்டல் அட்டை மூன்று, ஏஜென்சி பில்கள் எல்லாவற்றையும் எடுத்துவை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா