நீர்ப்பாய்ச்சி ஊரில் இல்லாத நாள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் நெல். பிடித்ததைப் பங்கிட ஊருக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, கலுங்கில் எப்போது பலகையை எடுப்பது, கரையில் எந்த இடம் பலவீனம் என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவருக்கே தெரியும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த வேலை இது. இன்று மகன் திருப்பூரில் இருக்கிறார், அப்பாவுக்கு வயதாகிவிட்டது.

கண்மாய்ச் சங்கங்களோடு வேலை பார்க்கும் நான், நீர்ப்பாய்ச்சிகளிடம் "என்னென்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்டால், "தண்ணி பாய்ச்சுறேன் தம்பி" என்று முடித்துவிடுவார்கள். "நீங்கள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருந்தபோது எதை வேறு ஆள் செய்தார்? எது நீங்கள் திரும்பி வரும்வரை காத்துக் கிடந்தது?" என்று கேட்பேன். காத்துக் கிடந்த வேலைதான் ஒருவர் கையில் மட்டும் இருக்கும் வேலை. அதன் பிறகு அவரோடு கரை முழுக்க நடந்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைத் தனியாகச் செய்யக்கூடியவர்கள் பெயரை எழுதுவேன். ஒரே பெயர் நிற்கும் வரிகளைச் சிவப்பில் சுற்றுவேன்.

சிவப்பு வரிகள் எல்லாமே ஒரே அவசரம் இல்லை. தவறினால் சேதம் எவ்வளவு வேகமாக வரும் என்று பார்க்க வேண்டும். முறை வைத்துப் பாய்ச்சுவதில் தவறினால், சண்டை வந்தாலும் அடுத்த முறையில் சரிக்கட்டலாம். ராத்திரி அடைமழையில் கரையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் விடியும்போது கண்மாயே இருக்காது. எனவே முதலில் பரவ வேண்டியது கரைக் காவல்.

திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர், கரையின் வெளிப்புற அடிவாரத்தில் கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். "தெளிஞ்சு வந்து, அளவும் கூடாம இருந்தா பயமில்ல. கலங்கி வந்தா கரைக்குள்ள இருக்கிற மண்ணும் சேர்ந்து போகுதுன்னு அர்த்தம்." அப்படி வந்தால் வெளியே வாயை மட்டும் அடைத்துவிட்டுப் போகக் கூடாது, தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும். உள்வாய்ப் பக்கம் நண்டு வளையோ எலி வளையோ இருக்கிறதா என்று தேடி, வைக்கோலும் களிமண்ணும் திணிக்க வேண்டும். இதை இளைஞர் இருவர் முதல் மழைக்குப் பார்த்தார்கள், அடுத்த மழைக்கு அவர் பக்கத்தில் நிற்க, இவர்களே செய்தார்கள். அதற்கடுத்த மழைக்கு அவர் வீட்டில் இருக்க, இவர்களே சுற்றி வந்து சொன்னார்கள். அந்த மூன்றாவது படி நடந்த பிறகுதான் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்த்தேன்.

பாய்ச்சும் முறையை எழுதி வைக்கலாம். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மடைக்கு மேல் 4 அடி தண்ணீர் நிற்கும்போது ஒரு வயலுக்கு 1 மணி நேரம் போதும் என்றால், 1 அடியாக இறங்கியபோது அதே வயலுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும். கண்மாய் நிறைந்திருக்கையில் எழுதிய நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டால், தண்ணீர் வற்றுகிறபோது முறை வருகிற கடைமடைக்காரர் ஏமாந்து போவார். நீர்ப்பாய்ச்சி இதைக் கணக்குப் போடுவதில்லை, வாய்க்காலில் ஓடும் உயரத்தைக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைப்பார். ஆகவே மடைத் தூணில் பெயிண்டால் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் சொல்லும் நேரத்தைத் தனித்தனியாக எழுதினோம். முங்கி மடையை அடைக்கிற வேலையைத் தாளில் கற்க முடியாது. திறந்த மடையின் இழுப்பு ஆளையே உள்ளே வாங்கிவிடும். அதைக் கோடையில், தண்ணீர் முழங்காலளவு இருக்கும்போதுதான் அவர் பக்கத்தில் நின்று பழக வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் கூலியைப் பேச வேண்டும். நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் கிடைக்கும் பங்கு நெல், வேலை அவருக்கு மட்டுமே தெரியும் என்பதால் நிற்கிறது. சொல்லிக்கொடுத்தால் பங்கு போய்விடும் என்று அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. அவர் பங்கு குறையாது, சொல்லிக்கொடுப்பதற்குத் தனிக் கூலி, பழகுகிறவருக்கும் கூலி என்று ஆயக்கட்டுக்காரர்கள் கூடித் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்ட இடங்களில்தான் வாய் திறந்து சொன்னார்கள். இலவசமாகக் கேட்ட இடங்களில் பாதியைத்தான் சொன்னார்கள்.

புரட்டாசியில் உங்கள் ஊர்க் கூட்டம் கூடும்போது கண்மாய் வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே பெயர்களைப் போடுங்கள். ஒரே பெயர் இருக்கிற இடத்தில், அவரோடு பழகப் போகும் இரண்டாவது ஆள் யார் என்று ஐப்பசி மழைக்குள் முடிவாக வேண்டும்.