ஒரே அடுப்படி, மூன்று சம்பளம்

என் சின்ன நாத்தனார் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் தவறிப் போன பிறகு அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியவில்லை. 2017-ல், முப்பத்தாறு வயதில், வீட்டு வேலைக்காக அபுதாபிக்குப் போனாள். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தாள். வந்த புதிதில் அவள் அதிகம் பேசவில்லை. பிறகு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வளைகுடா போக நினைக்கும் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அது பெரிய வீடு. வேலைக்கு மூன்று பெண்கள். ஒருத்தி பிலிப்பைன்ஸ்காரி, ஒருத்தி எத்தியோப்பியாக்காரி, மூன்றாவது என் நாத்தனார். காலை ஐந்தரைக்கு எழுந்தால் இரவு பதினொன்று வரை மூவருக்கும் வேலைதான். ஆனால் மாதக் கடைசியில் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு 1500 திர்ஹாம், இவளுக்கு 1100, எத்தியோப்பியப் பெண்ணுக்கு 800.

"அதே அடுப்பு, அதே விளக்குமாறு மதினி. நான் அவளவிட நல்லாவே சமைப்பேன். கேட்டதுக்கு, 'நீ இந்தியா, இந்தியாவுக்கு இவ்வளவுதான்'னுட்டாங்க" என்றாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 400 திர்ஹாம் வித்தியாசம். இருபத்து நாலு மாதத்துக்கு 9600. அன்றைக்கு ஒரு திர்ஹாம் ஏறக்குறைய 19 ரூபாய். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது! இவள் கடனே அவ்வளவுதான். எத்தியோப்பியப் பெண்ணுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

வேலைக்கு ஒரு விலை என்பது நமக்குப் புரியும். பாஸ்போர்ட்டுக்கு ஒரு விலை எப்படி வந்தது? 2006 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அரசாங்கம், எங்கள் பெண்கள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்ய வேண்டுமானால் மாதம் 400 டாலருக்குக் குறையக்கூடாது என்று விதி செய்தது. அதற்குக் குறைவாக எழுதிய ஒப்பந்தத்தை அவர்கள் தூதரகம் அப்போது ஏற்கவில்லை. அந்த 400 டாலர்தான் ஏறக்குறைய 1500 திர்ஹாம். நம் அரசாங்கமும் ஒவ்வொரு வளைகுடா நாட்டுக்கும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வைத்தது. தன் நாட்டுப் பெண்ணைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அங்கே இருக்கும் ஏஜென்ட்டுகளின் கையில் அதுவே கடை விலைப் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது. எந்த நாடு கறாராகப் பேசுகிறதோ அந்தப் பெண்ணுக்கு விலை கூடுதல். பேச ஆளில்லாத நாட்டுப் பெண்ணுக்குக் குறைச்சல்.

நம் நாடே இதில் ஒருமுறை இறங்கியது. கொரோனா சமயம், 2020 செப்டம்பரில், வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று சொல்லி வளைகுடாவுக்கான குறைந்தபட்சச் சம்பளத்தை முப்பதிலிருந்து ஐம்பது சதவிகிதம் வரை குறைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 2021 ஜூலையில்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

சம்பளத்தோடு போனாலும் பரவாயில்லை. பிலிப்பைன்ஸ் பெண்ணுக்குக் குழந்தைகள் அறையை ஒட்டி ஏ.சி. உள்ள சின்ன அறை, வெள்ளிக்கிழமை லீவு. இவர்கள் இரண்டு பேருக்கும் பின்கட்டில், வாஷிங்மெஷினும் அரிசி மூட்டையும் இருக்கிற அறை. மெஷின் ஓடுகிற நேரம் தூங்க முடியாது. விருந்தாளி வந்தால் காபித் தட்டை எடுத்துப் போகிறவள் பிலிப்பைன்ஸ் பெண்தான். அவள் வெளுப்பு, இங்கிலீஷும் பேசுவாள். இவள் சமைத்ததை அவள் பரிமாறுவாள். கழிவறை கழுவுவது எப்போதும் எத்தியோப்பியப் பெண்.

இங்கேயே ஊரில் ஏஜென்ட் கொடுத்த பாரத்தில் உயரம், எடை, மதம் இவற்றோடு நிறம் என்றும் ஒரு கட்டம் இருந்ததாம். "மாநிறம்னு போடுங்க"ன்னு அந்த ஆளே சொல்லிக் கொடுத்திருக்கிறான். (நம் பெண் பார்க்கும் படலத்தில் இதைத்தானே செய்கிறோம்? அந்தக் கட்டத்தை அராபியர்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை.)

இன்னொன்றும் சொன்னாள், அதை மறைக்காமல் எழுத வேண்டும். "எனக்குக் கீழ ஒருத்தி இருக்கான்னு மொதல்ல ஒரு ஆறுதல் மதினி. அவ என்னவிடக் கறுப்புல்ல." ஆறு மாதம் கழித்து இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, யாருக்கும் தெரியாமல் இவள் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தவள் அந்த எத்தியோப்பியப் பெண்தான்.

2019 கடைசியில் ஐக்கிய நாடுகள் சபையின் இனபேத விசாரணை அதிகாரி டெண்டாயி அச்சியூமே கத்தார் நாட்டுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே பிறந்த நாட்டை வைத்து ஒரு ஜாதி அமைப்பே நடைமுறையில் இருக்கிறது என்றார். ஜாதி என்ற வார்த்தையையே அவர் எடுத்ததும் நமக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அடுத்த வருஷம் கத்தார் ஒரு சட்டம் போட்டது. 2021 மார்ச் 20 முதல், எந்த நாட்டுக்காரரானாலும், வீட்டு வேலைக்காரப் பெண் உட்பட, மாதம் 1000 ரியாலுக்குக் குறையக்கூடாது. சாப்பாடும் இடமும் கொடுக்காவிட்டால் அதற்கு 300-ம் 500-ம் தனி. ஐக்கிய அரபு நாடுகளில் 2022-ல் வந்த வீட்டு வேலையாட்கள் சட்டம் வார லீவு தருகிறது, பாஸ்போர்ட்டை வேலையாளே வைத்துக்கொள்ளலாம் என்கிறது, நிறமும் நாடும் பார்த்துப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று அதில் இல்லை. அதனால் ஏஜென்ட்டின் பட்டியல் அப்படியே ஓடுகிறது.

என் நாத்தனாருக்கு நம் அரசாங்கத்தின் குறைந்தபட்சச் சம்பளமும் உதவவில்லை. காரணம், ஏஜென்ட் அவளை டூரிஸ்ட் விசாவில் அனுப்பிவிட்டு, அங்கே போய் விசாவை மாற்றினான். 'இ-மைக்ரேட்' பதிவு இல்லை, தூதரகம் பார்த்த ஒப்பந்தமும் இல்லை. பத்தாவது முடிக்காத பெண்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், அரசாங்க நிறுவனம் மூலம்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டியில் உள்ள அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அப்படிப்பட்டது. "விசிட்ல போங்க, அங்க மாத்திக்கலாம்" என்று ஒருவன் சொன்னால், சம்பளத்தை அவன் இஷ்டத்துக்கு எழுதப் போகிறான் என்று அர்த்தம். இங்கே ஒரு தாளில் கையெழுத்து, இறங்கினதும் அராபிய மொழியில் இன்னொரு தாளில் கையெழுத்து என்பதும் அதே சங்கதிதான். முதல் தாளின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். முறைப்படி போகிறவர்களுக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' இன்ஷூரன்ஸும் உண்டு. 10 லட்சம் வரை. விசிட் விசாவில் போனால் அதுவும் கிடையாது.

நாத்தனார் கடனை அடைத்துவிட்டு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் வேலை பார்க்கிறாள். எத்தியோப்பியப் பெண் கத்தாருக்கு மாறிவிட்டாள். போன தீபாவளிக்குப் போனில் பேசினாள். அவளுக்கும் கூட இருக்கிற நேபாளப் பெண்ணுக்கும் இப்போது ஒரே சம்பளமாம், 1000 ரியால். அந்த வீட்டில் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு எவ்வளவு என்று நாத்தனார் கேட்டாள். சிரித்துவிட்டு, "1500" என்றாளாம்.