காஞ்சு வெடிக்கும் வரைக்கும் வைக்க வேண்டாம்

ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் கேட்டதால இங்கயே எழுதுறேன், மற்றவங்களுக்கும் உதவும்.

ஜனவரி வந்தா நம்ம டயகமவில விடியச்சாமம் பனி, பகல்ல காஞ்ச காத்து. என்னோட படிப்பிக்கிற டீச்சர் ஒருத்தவங்களுக்கு மூக்கும் நெத்தியும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் வரண்டு கிடக்கும். எண்ணெய்க்குன்னு முல்தானி மெட்டிய முகம் முழுக்கப் பூசி, வெடிப்பு விழும் வரைக்கும் முக்கால் மணித்தியாலம் வச்சிருக்காங்க. அடுத்த நாள் கன்னம் சிவந்து, தோல் உரியத் தொடங்கிட்டு.

க்ளே மாஸ்க்கோட வேலை எண்ணெய உறிஞ்சுறது. ஆனா மண்ணுக்கு எண்ணெய், தண்ணி என்ற வித்தியாசம் தெரியாது. ஈரமா இருக்கும் வரைக்கும்தான் அது நமக்கு வேலை செய்யும். நிறம் வெளிறி முகம் இழுக்கத் தொடங்கினா, எட்டுப் பத்து நிமிஷத்தில, கழுவிடணும். முல்தானி மெட்டியும் பெண்டோனைட்டும் நல்லா உறிஞ்சும், கயோலின் கொஞ்சம் மென்மை. (பொரலஸ்கமுவவில தோண்டினதும் கயோலின்தான். அதுக்காக பீங்கான் வேலைக்கு எடுக்கிற மண்ண முகத்தில பூசிடாதீங்க.)

ஷீட் மாஸ்க் நேர் எதிர், அது ஈரம் குடுக்கிறது. துணியில ஊறியிருக்கிறதில பெரும்பங்கு தண்ணி, கூட கிளிசரினும் ஹையலூரோனிக் அமிலமும். துணி மூடியிருக்கிறதால ஈரம் உடன ஆவியாகாது. பதினைஞ்சு, இருபது நிமிஷம் போதும். காசு குடுத்து வாங்கினதுன்னு துணி காயும் வரைக்கும் வச்சா, முகம் திரும்ப இழுக்கத் தொடங்கும். எடுத்த பிறகு கழுவாம, மேல க்ரீம் பூசணும். இல்லாட்டி நம்ம காத்துக்கு அந்த ஈரம் நிக்காது. ஒரு துணி ஒருத்தருக்கு, ஒரு தடவைதான்.

ஓவர்நைட் மாஸ்க் என்டு பேர் பெருசா இருந்தாலும், அது கொஞ்சம் கனமான க்ரீம்தான். கிளிசரினோட டைமெதிகோன், பெட்ரோலேட்டம் மாதிரி ஈரத்தைப் பூட்டி வைக்கிற பொருள் இருக்கும். எல்லாத்துக்கும் கடைசியா மெல்லிசாப் பூசி, சுபஹுக்கு எழும்பி நல்லாக் கழுவணும். பரு வாறவங்க கனமான எண்ணெய் சேர்ந்தத எடுக்க வேண்டாம். லேபல்ல கிளைக்கோலிக் அமிலம் இருந்தா தினமும் பூசாதீங்க, பகல்ல சன்ஸ்கிரீன் கட்டாயம்.

அந்த டீச்சருக்கு நான் சொன்னது: தோல் ஆறும் வரைக்கும் மண்ண விட்டுட்டு, வாசனை இல்லாத சாதாரண க்ரீம் மட்டும். பிறகு கிழமைக்கு ஒருக்கா மூக்குக்கும் நெத்திக்கும் மட்டும் க்ளே, கன்னத்துக்கு ரெண்டு இராவு ஓவர்நைட். ஷீட் மாஸ்க் கல்யாண வீட்டுக்கு முதல் நாள் போட்டாப் போதும், அந்தப் பளபளப்பு ஒரு நாளைக்கு மேல நிக்காது.

புதுசா எது வாங்கினாலும் காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி, ஒரு நாள் பாருங்க. கடிச்சாலோ சிவந்தாலோ முகத்துக்குக் கொண்டு போக வேண்டாம்.