நூறு தாண்டுச்சா?

போன மாதம் ஒரு ராத்திரி மகளுக்குக் காய்ச்சல். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் என்றோ உடைந்துபோயிருந்தது. புதிதாக வாங்கிவந்த டிஜிட்டலை அக்குளில் வைத்தேன். சற்று நேரத்தில் 'பீப்' என்றது. 38.4.

"நூறு தாண்டுச்சா?" அடுப்படியிலிருந்து அம்மா.

"முப்பத்தெட்டு புள்ளி நாலும்மா."

"என்னது, முப்பத்தெட்டா? புள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குது. அந்த மிஷினைத் தூக்கிப் போடு."

மிஷின் சரியாகத்தான் சொன்னது, செல்சியஸில். எங்கள் வீட்டில் வெப்பத்துக்கு இரண்டு மொழிகள் உண்டு. ஏ.சி. 24-இல் ஓடும், அது செல்சியஸ். காய்ச்சல் நூறு, நூற்றியொன்று என்று ஏறும், அது ஃபாரன்ஹீட். சித்திரை வெயில் பத்திரிகையில் 'சதம்' அடிக்கும்; அதுவும் ஃபாரன்ஹீட்தான். வானிலை மையம் செல்சியஸில்தான் கணக்குத் தருகிறது, பத்திரிகைக்காரர்கள் மாற்றிப் போடுகிறார்கள். 'வேலூரில் 37.8' என்று தலைப்புப் போட்டால் யாருக்கு வியர்க்கும்?

அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், 1700-களின் தொடக்கத்தில் கருவி செய்து விற்ற ஒருவரின் பட்டறைக்குப் போய்ச் சேருகிறோம். டேனியல் காப்ரியல் ஃபாரன்ஹீட், இன்று போலந்தில் இருக்கும் டான்சிக் நகரத்து வணிகக் குடும்பத்துப் பிள்ளை. 1701-இல் தாயும் தகப்பனும் விஷக் காளான் தின்று ஒரே நாளில் இறந்துபோக, பதினைந்து வயதுப் பையனை வியாபாரம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பிடித்தது கணக்குப்புத்தகம் அல்ல, கண்ணாடிக் குழாய். ஊர் ஊராகச் சுற்றி, 1708-இல் கோபன்ஹேகனில் ஓலே ரோமர் என்ற வானியலாளரைப் பார்க்கிறார். ஒளிக்கு வேகம் உண்டு என்று கண்டுசொன்ன அதே ரோமர். அவர் வைத்திருந்த வெப்பமானியில் உருகும் பனிக்கட்டி ஏழரை, உடல் சூடு இருபத்திரண்டரை, கொதிநீர் அறுபது.

ஃபாரன்ஹீட்டுக்கு அந்த 'அரை' பிடிக்கவில்லை. கருவி செய்கிறவனுக்குப் பின்னம் தலைவலி. நான்கால் பெருக்கினார்: முப்பது, தொண்ணூறு. பிறகு அதையும் சற்றே நகர்த்தி 32, 96 என்று வைத்துக்கொண்டார். நடுவில் 64 பங்கு. 64-ஐப் பாதி, பாதியில் பாதி என்று ஆறு தடவை மடித்தால் ஒன்றுக்கு வந்துவிடலாம். குழாயில் கோடு போடுகிறவர் கைக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லவேண்டியதில்லை. நூல் மடித்துப் பாதி எடுக்கிற நம் ஆசாரிக்கு உடனே புரியும்.

1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தன் மூன்று நிலைப்புள்ளிகளை அவரே எழுதினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் சேர்ந்த கலவை 0. பனிக்கட்டியும் நீரும் மட்டும் 32. நல்ல ஆரோக்கியமான மனிதனின் வாயிலோ அக்குளிலோ வைத்தால் 96. டான்சிக்கின் கொடுங்குளிர் ஒன்றைத்தான் பூஜ்யமாக வைத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் எழுதியதில் இருப்பது உப்புக் கலவைதான். நூறுக்கும் அவர் எதையும் பொருத்தவில்லை. நம்முடைய 'சதம்' அவர் அளவில் சும்மா ஓர் எண்.

ஓர் அளவுகோலைச் செய்ய எப்போது பார்த்தாலும், எங்கே பார்த்தாலும் மாறாத இரண்டு நிலைகள் வேண்டும். அப்படி எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலம் அது. முதல் பனி விழும் இரவு என்றார் ஒருவர், வெண்ணெய் உருகும் நிலை என்றார் ஒருவர், ஆழமான நிலவறையின் குளிர்ச்சி என்றார் இன்னொருவர். எந்தப் பசுவின் வெண்ணெய், எந்த ஊர் நிலவறை? எது மாறாதது என்று சோதிக்க வெப்பமானி வேண்டும். வெப்பமானி செய்ய மாறாதது வேண்டும். இந்த முடிச்சைத்தான் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கவேண்டியிருந்தது.

உடல் சூடு முதலில் தோற்றது. அக்குள் ஒன்று சொல்லும், வாய் ஒன்று சொல்லும், காலையும் மாலையும் வேறு. எவ்வளவு இடறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடல் சூட்டை இன்றைய 37 செல்சியஸ் என்று கொண்டு, பனிக்கட்டியிலிருந்து அதுவரை 64 பங்கு வைத்தால், கொதிநிலை வரை 173 பங்கு வரும். 32-ஐக் கூட்டினால் நீர் 205-இல் கொதிக்கவேண்டும். ஃபாரன்ஹீட் எழுதியதோ 212. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பின்னால் வந்தவர்கள் உடலை விட்டுவிட்டு 32-ஐயும் 212-ஐயும் ஆணியாக அடித்தார்கள், நடுவில் 180 பங்கு. மனித உடல் தானே நகர்ந்து 98.6-க்குப் போனது. அந்தப் புள்ளி ஆறைப் பார்த்து மிரளவேண்டாம்: ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் ஆயிரக்கணக்கான நோயாளிகளை அளந்து 1868-இல் சொன்ன முழு எண்ணான 37-ஐ மாற்றி எழுதியதால் முளைத்தது அது.

பனிக்கட்டியிலும் ஒரு சூது உண்டு. அசையாமல் இருக்கும் சுத்தமான நீர், உறைநிலைக்குக் கீழே இறங்கியும் நீராகவே நிற்கும். ஒரு குலுக்கில் சட்டென்று கட்டியாகும். இதைக் கண்டவரும் ஃபாரன்ஹீட்தான். அதனால்தான் நாம் 'உறைநிலை' என்று சொன்னாலும், கோடு போடுகிறவர்கள் நீரை உறையவைப்பதில்லை. பனிக்கட்டியை உருகவிட்டு, அந்தக் கூழில் வெப்பமானியின் குமிழை அழுத்தி வைக்கிறார்கள்.

கொதிநிலைதான் பெரிய வம்பு. ஊட்டிக்குப் போனவர்களுக்கு அது தெரியும்: சோறு வேக நேரமாகும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் ஏறக்குறைய 92.5 செல்சியஸிலேயே கொதித்துவிடும். விவரம் தெரியாத ஒருவர் அங்கே ஒரு வெப்பமானி செய்கிறார் என்று வையுங்கள். உருகும் பனிக்கட்டியில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100, நடுவே சமமாக நூறு கோடு. அதை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுவந்து நன்றாக இருக்கிற ஆளின் நாக்கடியில் வைத்தால் 40 காட்டும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவோம்.

ஸ்வீடனின் உப்சாலா நகரத்து வானியலாளர் ஆண்டர்ஸ் செல்சியஸ் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரர். 1742-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் பேச்சே வெப்பமானியின் இரண்டு மாறாத நிலைகளைப் பற்றித்தான். உருகும் பனி ஊருக்கு ஊர் மாறவில்லை, காற்றழுத்தத்துக்கும் அசையவில்லை. கொதிநிலை காற்றழுத்தமானியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆகவே எந்த அழுத்தத்தில் கோடு போடவேண்டும் என்றும் சேர்த்தே குறித்தார். ஆனால் அவர் அளவு தலைகீழ்: கொதிப்பது 0, உருகுவது 100. அவர் 1744-இல் இறந்து, சில ஆண்டுகளுக்குள் உப்சாலாவில் இருந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். திருப்பியவர் யார் என்பதில் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் உட்படப் பலருக்குப் பங்கு கேட்கிறார்கள்.

அழுத்தத்தைக் கட்டிப்போட்டும் தொல்லை தீரவில்லை. கொதிப்பது என்றால் எது? அடியில் முத்து முத்தாகக் குமிழி எழுவதா, தளதளவென்று புரள்வதா? லண்டனில் ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற கருவியாளர் செய்த ஒரு வெப்பமானியில் இரண்டுமே உண்டு: 204-இல் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிறது, 212-இல் மும்முரமாகக் கொதிக்கிறது. ஜெனீவாக்காரரான டெலுக் நீரில் கரைந்திருந்த காற்றை வெளியேற்ற, ஒரு குடுவையை நான்கு வாரம் கையில் வைத்துக் குலுக்கினார். சாப்பிடும்போதும் குலுக்கல், நண்பர்கள் வந்தாலும் குலுக்கல், நடக்கப் போனாலும் குலுக்கல். வீட்டில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நீர் நூறைத் தாண்டி 112 செல்சியஸ் அளவுக்குச் சூடேறியும் கொதிக்காமல் கிடந்து, பிறகு குபீரென்று வெடித்தது.

ராயல் சொசைட்டி ஹென்றி கேவண்டிஷ் தலைமையில் ஏழு பேர் குழு ஒன்றைப் போட்டது. டெலுக்கும் அதில் ஒருவர். 1777-இல் வந்த அவர்கள் முடிவு, இட்லிப் பானை வைத்திருப்பவர்களுக்கு ஆச்சரியம் தராது: தண்ணீரை விடு, ஆவியைப் பிடி. தண்ணீர் பாத்திரத்துக்குப் பாத்திரம் முரண்டு பிடிக்கலாம். மேலே நிறையும் ஆவி, அழுத்தம் மாறாதவரை, அதே சூட்டில் நிற்கிறது. மூடியிட்ட பாத்திரத்தில் குமிழ் மட்டுமல்ல, பாதரசம் ஏறி நிற்கும் தண்டும் ஆவிக்குள் இருக்கவேண்டும். தண்டு வெளியே குளிரில் நின்றால் அதிலுள்ள பாதரசம் சுருங்கிக் குறைத்துக் காட்டும். காற்றழுத்தமானி 29.8 அங்குலத்தில் இருக்கும்போது கோடு போடு. இவ்வளவுக்குப் பிறகுதான் 212 என்பது எல்லார் பட்டறையிலும் ஒரே 212 ஆனது.

ஆனால் நாடுகள் அளவைத் தேர்ந்தெடுத்தது இந்த நுணுக்கத்தைப் பார்த்து அல்ல. கைக்கு எந்தக் கருவி வந்ததோ அதுதான் அளவு. ஃபாரன்ஹீட்டின் பாதரச வெப்பமானிகள் இரண்டை அருகருகே வைத்தால் ஒரே எண்ணைக் காட்டும்; அன்றைக்கு அது அதிசயம். ஹாலந்திலும் இங்கிலாந்திலும் அவை பரவின, இங்கிலாந்து ஆண்ட இடமெல்லாம் கூடப் போயின. பிரான்சிலும் ஜெர்மானிய நாடுகளிலும் ரஷ்யாவிலும் ரெயோமூர் என்பவரின் 80 பங்கு அளவு நெடுங்காலம் ஓடியது. பிரெஞ்சுப் புரட்சி பத்தின் மடங்கில் மீட்டரைக் கொண்டுவந்தபோது, நூறு பங்கு அளவும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டது. அதற்குப் பின் மெட்ரிக்குக்கு மாறிய நாடெல்லாம் கூடவே செல்சியஸையும் வாங்கிக்கொண்டது. இந்தியா 1956 சட்டத்தால் அந்த வழிக்குப் போனது. பிரிட்டனின் வானிலைத் துறை 1962-இல்தான் செல்சியஸைச் சொல்லத் தொடங்கியது. அமெரிக்கா 1975-இல் சட்டம் போட்டது, ஆனால் விரும்பினால் மாறலாம் என்று. ஏழே ஆண்டில் அதற்கான வாரியத்தையும் கலைத்துவிட்டது. விருப்பம் என்று விட்டால் யார் மாறுவார்?

இவ்வளவு பாடுபட்டு நிறுத்திய கொதிநிலையும் இன்று ஆணி இல்லை. 1954-இல் நீரும் பனிக்கட்டியும் ஆவியும் ஒருசேர நிற்கும் நிலையை ஆதாரமாக்கினார்கள். 2019-இல் அதையும் விட்டு, போல்ட்ஸ்மன் மாறிலி என்ற எண்ணுக்குப் போய்விட்டார்கள். இன்றைய கணக்கில் இயல்பான காற்றழுத்தத்தில் நீர் கொதிப்பது 99.97-இல்.

அன்று ராத்திரி மருந்து கொடுத்துவிட்டு, அந்த டிஜிட்டலோடு வந்த சீட்டைத் தேடி எடுத்தேன். பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அளவு மாறுமாம். பிடித்தேன். 101.1. அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, புறங்கையை இன்னொரு தடவை பேத்தி நெற்றியில் வைத்தாள்.

"இதைத்தானே தொட்டப்பவே சொன்னேன்" என்றாள்.