களிம்பு பாதி, சர்க்கரை பாதி

வேலையிடத்துக் கழிப்பறையில்தான் முதலில் தெரிந்தது. சிறுநீர் கழித்து முடிக்கும்போது முனையில் சுருக்கென்று எரிந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்த்தேன். ஆணுறுப்பின் முனை முழுவதும் சிவந்து பளபளத்தது. அங்கங்கே சிறிய சிவப்புப் புள்ளிகள். முன்தோலைப் பின்னால் தள்ளினால் அடியில் தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படிந்திருந்தது. முன்தோலின் விளிம்பில் நகக்கீறல் போல இரண்டு வெடிப்புகள்.

எனக்கு வயது 44. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஆறு ஆண்டுகளாக இனிப்பு நீர் உண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் வேறு. இது ‘அந்த மாதிரி’ நோயாக இருந்தால்? நான் எங்கும் தவறிப் போனவனில்லை. ஆனால் மனைவி நம்ப வேண்டுமே! அந்தப் பயத்தில் அவளிடம் வாய் திறக்கவில்லை. ஷிப்ட் களைப்பு என்று சொல்லி மூன்று வாரம் தள்ளியே படுத்தேன். நான் சொல்லாமல் இருந்ததுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த வைத்தியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சுத்தம் போதவில்லை என்று நினைத்து, கிருமிநாசினி சோப்புப் போட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். எரிச்சல் இரட்டிப்பானது. பிறகு, எப்போதோ கை அரிப்புக்கு வாங்கிய களிம்பு அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துத் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கின. அப்பாடா என்று இருந்தேன். ஒரு வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

வேறு வழியில்லாமல் கிளினிக்குப் போனேன். உள்ளே பார்த்தால் பெண் மருத்துவர், அதுவும் தமிழர். முதுகுவலி என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்த்தார், கையுறையைக் கழற்றினார், “இனிப்பு நீர் இருக்கா?” என்றார். அதுதான் முதல் கேள்வி.

அவர் விளக்கியது இது. கேண்டிடா என்பது ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பலருடைய உடம்பில் ஒரு தொந்தரவும் செய்யாமல் இருக்கும். முன்தோலுக்கு அடியில் சூடும் ஈரமும் எப்போதும் உண்டு. அங்கே சர்க்கரையும் கிடைத்தால் அது பெருகிவிடும். நான் தடவிய களிம்பு ஸ்டீராய்டு. அது சிவப்பை மறைத்துவிட்டு, பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியைக் குறைத்துவிட்டது. சோப்பு, ஏற்கெனவே புண்ணான தோலை மேலும் வறட்டியது.

எனக்குக் கொடுத்தது குளோட்ரிமசோல் 1 விழுக்காட்டுக் களிம்பு. காலையும் இரவும் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு முனையிலும் முன்தோலின் உட்புறத்திலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். “தடவினதும் முன்தோலை மறக்காம முன்னாடி கொண்டு வந்துடுங்க. பின்னாடியே விட்டா வீங்கி, இறுகி மாட்டிக்கும், அப்புறம் அவசரப் பிரிவுக்குத்தான் ஓடணும்” என்றார். நான்காம் நாளே அரிப்பு நின்றுவிடலாம், அதற்காக நிறுத்தக் கூடாது, 14 நாள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை தாம்பத்தியம் வேண்டாம். இந்தக் களிம்பு ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கடைசியாக, “வீட்டுல அவங்களுக்கு அரிப்பு, வெள்ளைப்படுதல் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால்தானே தெரியும்?

அன்றிரவு சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்லங்க. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்” என்றாள். அவளுக்கும் இரண்டு வாரமாக அரிப்பு இருந்திருக்கிறது. அவளும் சொல்லவில்லை. மறுநாள் அதே மருத்துவரிடம் போய் அவளும் மருந்து எடுத்துக்கொண்டாள். மனைவிக்கு அறிகுறி இருந்தும் கணவன் மட்டும் மருந்து போட்டால், நோய் மாறி மாறி வந்துகொண்டிருக்கும் என்று மருத்துவர் அவளிடம் சொன்னாராம்.

14 நாளில் சுத்தமாக ஆறிவிட்டது. கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்தாவது வாரத்தில் அதே சிவப்பு, அதே வெள்ளை. இந்த முறை நான் எந்தத் தவறும் செய்யவில்லை. மருந்து சரியில்லை என்று கோபத்தோடு போனேன்.

மருத்துவர் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துக் காட்டினார். சர்க்கரைக் கட்டத்தின் நிறம் கடைசி அளவு வரை மாறியிருந்தது. விரலில் குத்திப் பார்த்ததில் 15.2. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.1 விழுக்காடு. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால், சிறுநீரகத்தால் முழுவதையும் பிடித்து வைக்க முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கிவிடும். “களிம்பு பூஞ்சையைக் கொல்லுது. நீங்க ஒவ்வொரு தடவை சிறுநீர் கழிக்கிறப்பவும் அதுக்குச் சாப்பாடு போடுறீங்க” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

உண்மையைச் சொன்னேன். இரவு ஷிப்டில் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுவேன். விழித்திருக்க மூன்று தே தாரேக். அதில் ஊற்றும் கெட்டிப்பாலின் கணக்கை நான் போட்டதே இல்லை. மறுபடி களிம்பு எழுதிக் கொடுத்ததோடு, மாத்திரையை ஷிப்ட் சாப்பாட்டோடு சேர்க்கும்படி நேரத்தை மாற்றி, இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றித்தான் வேலை செய்யும். அதனால் இந்தத் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். எனக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்றார். ஏற்கெனவே அதைச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது நல்லது செய்வதால், மருத்துவரிடம் சொல்லித்தான் முடிவெடுக்க வேண்டும்.

தே தாரேக் போய் தே ஓ கோசோங் வந்தது. முதல் வாரம் கசப்பாகத்தான் இருந்தது. இப்போதும் பிடிக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 13, 12 என்று இருந்தது மெல்ல 9-க்கு இறங்கியது. மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 7.6. சிறுநீர் கழித்ததும் ஒரு துளியும் தங்காமல் டிஷ்யூவால் ஒற்றிவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. தொற்று வந்து எட்டு மாதம் ஆகிறது.

ஒரு குறை மட்டும் பாக்கி. பழைய வெடிப்புகள் ஆறிய இடத்தில் தழும்பு விழுந்து, முன்தோல் கொஞ்சம் இறுகியிருக்கிறது. மறுபடி மறுபடி வெடித்தாலோ, பின்னால் தள்ளவே முடியாமல் போனாலோ, முன்தோலை நீக்கும் சிறு அறுவை தேவைப்படலாம் என்றார். காய்ச்சலோடு அந்தப் பகுதி கடுமையாக வலித்து, விதைப்பை வரை வீங்கினால் காலை வரை காத்திருக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டலாம் என்றாள் மனைவி. விருந்தாளிகள் படிப்பார்களே என்று அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் 12-ஆம் தேதி மறுபரிசோதனை, இருவருமாகப் போகிறோம்.