படத்துக்குள்ள குரல் இல்ல

நாவலப்பிட்டி டவுன்ல போன் திருத்துற அண்ணன் ஒன்னுதான் சொன்னாரு: "தங்கச்சி, ரீசெட் பண்ண வேண்டி வரலாம். வேண்டியத எடுத்து வச்சிட்டு நாளைக்குக் கொண்டு வாங்க."

எனக்கு வேண்டியது குவைத்தில் வேலை செய்யும் அம்மாவோட வாட்ஸ்அப் உரையாடல். அவசரத்துக்கு ஸ்க்ரோல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். அது கீழ்நோக்கித்தான் போகும். அதனால முதல் மெசேஜுக்குப் போய், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். ஓரளவு நீளத்தில் தானாக நின்றுவிடும். கடைசி மெசேஜை மறுபடி சேர்த்து அடுத்ததைத் தொடங்கினால் இடையில் எதுவும் விடுபடாது. ஆறு படத்தில் மூன்று மாதம் முடிந்தது.

படங்கள் அதே போனில் இருந்தால் ரீசெட்டில் அவையும் போய்விடும். தங்கச்சி போனுக்கு அனுப்பினேன். சாதாரண படமாக அனுப்பியதில் எழுத்தெல்லாம் மங்கிப் போச்சு. டாக்கியுமென்டாக அனுப்பியபோதுதான் தெளிவாக வந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். நீளமான மெசேஜ்கள் 'Read more' என்ற இடத்தில் அறுந்திருந்தன. அம்மா எழுதுறதவிட பேசுறதுதான் அதிகம். அந்த இடமெல்லாம் வெறும் கோடும் 0:47 என்ற நேரமும்தான்.

அப்புறம்தான் Export chat போய், Include media தெரிவு செய்தேன். எழுத்து ஒரு கோப்பாகவும் குரல்கள் தனித்தனியாகவும் வந்தன. ஆனால் முன்னமே டவுன்லோட் ஆகியிருந்த குரல்கள் மட்டும்தான்.

படம், என்ன பேசினோம் என்று காட்டும். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்கும் விதம் அதில் வராது.